long-இல் அடங்காத பெருக்கல்: பெரிய எண்களைச் சரமாக வைத்துக் கணக்குப் போடுவது

1903 அக்டோபர் 31 அன்று அமெரிக்கக் கணிதக் கழகம் நியூயார்க்கில் நடத்திய கூட்டத்தில், பிராங்க் நெல்சன் கோல் என்ற கணிதப் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு பெருக்கல் செய்து காட்டினார். 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் எண்ணை மெர்சென் 1644-இல் பகா எண்களின் பட்டியலில் சேர்த்திருந்தார். அது பகா எண் இல்லை என்று லூகாஸ் 1876-இல் காட்டிவிட்டார். ஆனால் எந்த எண்ணால் வகுபடும் என்பது அப்போதும் யாருக்கும் தெரியவில்லை. கோல் கண்டுபிடித்த விடை இதுதான்:

```
193707721 × 761838257287 = 147573952589676412927
```

இந்தப் பெருக்கலை இன்றைய கணினியில் செய்து பார்க்கலாம். ஜாவாவில் இரண்டு எண்களையும் `long` என்று கொடுத்துப் பெருக்கினால் விடை `-1` என்று வரும். பிழைச் செய்தி எதுவும் வராது, நிரலும் நிற்காது.

காரணம் எளிது. `long` என்பது 64 பிட் பெட்டி. அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 9223372036854775807, அதாவது 19 இலக்கம். கோலின் விடை 21 இலக்கம். அதை இரும எண்ணாக எழுதினால் தொடர்ந்து 67 ஒன்றுகள் வரும். மேலே இருக்கும் 3 பிட்கள் பெட்டிக்கு வெளியே விழுந்துவிட, மீதி 64 பிட்டும் ஒன்றாகவே நிற்கிறது. எதிர்க்குறி உள்ள எண்களைக் கணினி எழுதும் முறைப்படி 64 ஒன்றுகள் என்றால் அது -1.

ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான `Number` வகையில் செய்தால் 147573952589676410000 என்று வரும். இது -1-ஐ விட ஆபத்தானது, ஏனென்றால் பார்க்கச் சரியானது போலவே இருக்கிறது. அந்த வகையில் முழு எண்ணாகத் துல்லியமாக வைக்க 53 பிட்தான் உண்டு. 9007199254740992-க்கு மேலே போனால் எண்களை விட்டுவிட்டுத்தான் அதால் குறிக்க முடியும். கோலின் எண் இருக்கும் உயரத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே ஆயிரக்கணக்கில் இடைவெளி. ஒரு எண் பகா எண்ணா இல்லையா என்று தீர்மானிக்கும் இடத்தில் கடைசி நான்கு இலக்கத்தைத் தோராயமாக வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பைத்தானிலோ ஜாவாவின் `BigInteger`-இலோ செய்தால் சரியாக வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சி மொழியில் அப்படி ஒரு வகையே கிடையாது. நேர்காணல்களிலும் பயிற்சித் தளங்களிலும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றே கேட்பார்கள். LeetCode-இன் 43-ஆம் கணக்கு, Multiply Strings, அப்படிப்பட்டதுதான்: இரண்டு எண்களும் சரமாக வரும், ஒவ்வொன்றும் 200 இலக்கம் வரை இருக்கலாம், விடையையும் சரமாகவே தர வேண்டும், முழுச் சரத்தையும் எண்ணாக மாற்றவும் கூடாது. கூட்டலுக்கு இதே போல 415-ஆம் கணக்கு இருக்கிறது. அங்கே 10000 இலக்கம் வரை வரும்.

இதற்குப் பலர் தரும் விளக்கம் 'பள்ளிக்கூடத்தில் போட்ட மாதிரியே போடு' என்பதோடு முடிந்துவிடுகிறது. அது உண்மைதான், ஆனால் போதாது. தாளில் போடும்போது ஒரு கட்டத்துக்குள் எவ்வளவு பெரிய எண் வரும் என்று நாம் யோசிப்பதில்லை. 173 வந்தாலும் ஓரமாக எழுதிக்கொள்வோம். நிரலில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. எந்தப் பெட்டியில் அதிகபட்சம் எவ்வளவு சேரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால்தான் நிரல் சரி என்று சொல்ல முடியும்.

முதலில் கூட்டல்

கோலின் சமன்பாட்டின் வலது பக்கத்தை உருவாக்கக் கூட்டலே போதும். "1" என்ற சரத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வந்த விடையை அதனோடே கூட்டி, இதை 67 முறை செய்தால் 2-இன் 67-ஆம் அடுக்கு வரும். அது 147573952589676412928. கடைசி இலக்கம் 8 என்பதால் 1-ஐக் கழிப்பது அந்த இலக்கத்தை 7 ஆக்குவதோடு முடிந்துவிடும். 2-இன் அடுக்கு எதுவும் 0-இல் முடியாது என்பதால் இங்கே கடன் வாங்கிக் கழிக்கும் வேலை எப்போதும் வராது.

சரத்தில் இருக்கும் '7' என்பது எண் 7 அல்ல, ஓர் எழுத்து. கணினிக்குள் அதன் குறியீடு 55. '0'-வின் குறியீடு 48. பத்து இலக்கங்களும் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதால் `'7' - '0'` என்று கழித்தால் 7 கிடைக்கும். திரும்ப எழுத்தாக்க '0'-வைக் கூட்டினால் போதும்.

```cpp
string add(const string& a, const string& b) {
    string r;
    int i = (int)a.size() - 1, j = (int)b.size() - 1;
    int carry = 0;
    while (i >= 0 || j >= 0 || carry) {
        int s = carry;
        if (i >= 0) s += a[i--] - '0';
        if (j >= 0) s += b[j--] - '0';
        r.push_back('0' + s % 10);
        carry = s / 10;
    }
    reverse(r.begin(), r.end());
    return r;
}
```

ஓர் இடத்தில் அதிகபட்சம் 9 + 9, வலது பக்கத்திலிருந்து வந்த கேரி 1, மொத்தம் 19. ஆக, அடுத்த இடத்துக்குப் போகும் கேரி 1-ஐத் தாண்டவே தாண்டாது. கூட்டலில் கொள்ளளவுப் பிரச்சினை இல்லை. பிரச்சினை வருவது ஓரங்களில்.

`while` வரியில் இருக்கும் மூன்றாவது நிபந்தனை, அந்த `carry`, பலர் விட்டுவிடுவது. இரண்டு சரமும் தீர்ந்துபோன பிறகும் கையில் 1 இருக்கலாம். இதை விட்டால் என்ன ஆகும் என்று நம்முடைய இரட்டிப்புக் கணக்கிலேயே பார்க்கலாம். 2-இன் 63-ஆம் அடுக்கு 9223372036854775808. இதை இரட்டித்தால் 18446744073709551616 வர வேண்டும். கடைசிக் கேரியை விட்டுவிட்டால் முன்னால் இருக்கும் 1 போய், 8446744073709551616 என்று நிற்கும். உண்மையில் இரட்டிப்பு இவ்வளவு தூரம் சரியாக வந்திருக்கவே முடியாது. 8-ஐ இரட்டிக்கும்போதே 16-க்குப் பதில் 6 வந்திருக்கும். ஆனால் 123 + 456 என்று ஒன்றிரண்டு எண்களைக் கொடுத்துச் சோதிப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

இன்னொரு ஓரம், `i`-யின் வகை. `a.size()` தருவது எதிர்க்குறி இல்லாத வகை. `i`-யையும் `size_t` என்று அறிவித்துவிட்டால், 0-விலிருந்து ஒன்று குறைக்கும்போது அது -1 ஆகாமல் மிகப்பெரிய எண்ணாகச் சுற்றிவிடும். `i >= 0` என்பது எப்போதும் உண்மையாகவே இருக்கும், நிரல் சரத்துக்கு வெளியே போய்ப் படிக்கத் தொடங்கும். அதனால்தான் மேலே `int` ஆக மாற்றி எழுதியிருக்கிறது.

விடையைப் பின்புறமாகச் சேர்த்துக்கொண்டு போய்க் கடைசியில் ஒரே முறை திருப்புவதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு இலக்கத்தையும் முன்னால் செருகினால் ஒவ்வொரு முறையும் இருப்பதையெல்லாம் ஓர் இடம் நகர்த்த வேண்டும். 10000 இலக்கம் என்றால் அந்த நகர்த்தல் மட்டும் ஏறக்குறைய 5 கோடி. திருப்புவதற்கோ 5000 இடமாற்றம் போதும்.

பெருக்கலில் எந்த இலக்கம் எங்கே போகிறது

தாளில் பெருக்கும்போது வரிவரியாக எழுதி, ஒவ்வொரு வரியையும் ஓர் இடம் இடது பக்கம் தள்ளி, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டுவோம். நிரலில் அந்த வரிகளையெல்லாம் தனித்தனியே வைத்திருக்கத் தேவையில்லை. வலது ஓரத்திலிருந்து 0, 1, 2 என்று இடங்களை எண்ணினால், ஓர் எண்ணின் i-ஆம் இடத்து இலக்கமும் இன்னொன்றின் j-ஆம் இடத்து இலக்கமும் பெருகி, விடையின் i + j-ஆம் இடத்தில் சேரும். பத்துகளை நூறுகளால் பெருக்கினால் ஆயிரங்கள் வருவதுதான் இது. பெருக்கல் முழுவதும் இந்த ஒரு விதிதான்.

கோலின் எண்களில் இதைப் போட்டுப் பார்ப்போம். 193707721-இன் இலக்கங்கள் வலமிருந்து 1, 2, 7, 7, 0, 7, 3, 9, 1. 761838257287-இன் இலக்கங்கள் வலமிருந்து 7, 8, 2, 7, 5, 2, 8, 3, 8, 1, 6, 7. கேரியைப் பற்றிக் கவலைப்படாமல், ஒவ்வோர் இடத்திலும் வந்து சேரும் பெருக்கல்களை மட்டும் கூட்டுவோம்.

```
இடம் 0:  1×7                                       = 7
இடம் 1:  1×8 + 2×7                                 = 22
இடம் 2:  1×2 + 2×8 + 7×7                           = 67
இடம் 3:  1×7 + 2×2 + 7×8 + 7×7                     = 116
இடம் 4:  1×5 + 2×7 + 7×2 + 7×8 + 0×7               = 89
இடம் 5:  1×2 + 2×5 + 7×7 + 7×2 + 0×8 + 7×7         = 124
இடம் 6:  1×8 + 2×2 + 7×5 + 7×7 + 0×2 + 7×8 + 3×7   = 173
```

இப்போது கேரியைத் தள்ளிக்கொண்டு போகலாம். 7 அப்படியே நிற்கும். 22-இல் 2 நிற்க, 2 போகும். 67 + 2 = 69, 9 நிற்க 6 போகும். 116 + 6 = 122, 2 நிற்க 12 போகும். 89 + 12 = 101, 1 நிற்க 10 போகும். 124 + 10 = 134, 4 நிற்க 13 போகும். 173 + 13 = 186, 6 நிற்க 18 போகும். நின்ற இலக்கங்களை இடமிருந்து படித்தால் 6412927. கோலின் விடையின் கடைசி ஏழு இலக்கமும் அதேதான்.

மறு ஓரத்தையும் பார்த்துவிடலாம். முதல் எண்ணின் கடைசி இடம் 8, இரண்டாவதன் கடைசி இடம் 11. ஆகவே மிக இடப்பக்கப் பெருக்கல் 1×7, அது 19-ஆம் இடத்தில் விழுகிறது. அங்கே வலதிலிருந்து 7 கேரியாக வந்து 14 ஆகிறது. 4 நிற்க, 1 இருபதாம் இடத்துக்குப் போகிறது. விடை 14 என்று தொடங்குவது இப்படித்தான். m இலக்க எண்ணையும் n இலக்க எண்ணையும் பெருக்கினால் விடைக்கு m + n இலக்கம் அல்லது அதில் ஒன்று குறைவாக இருக்கும், வேறு எதுவும் சாத்தியமில்லை. எனவே m + n பெட்டி வைத்துக்கொண்டு, முன்னால் 0 நின்றால் அதை நீக்கிவிட்டால் போதும். "0"-வை "12345"-ஆல் பெருக்கும்போது மட்டும் பெட்டிகள் எல்லாமே 0. எல்லாவற்றையும் நீக்கி வெறும் சரத்தைத் திருப்பித் தராமல் ஒரு 0-வையாவது விட்டுவைக்க வேண்டும்.

பெட்டியில் எவ்வளவு அடங்கும்

மேலே செய்தது போல, முதலில் எல்லாவற்றையும் கூட்டிவிட்டுக் கேரியைக் கடைசியில் பார்ப்பது ஒரு வழி. அப்போது ஓர் இடத்தில் எவ்வளவு சேரலாம்? ஒரு பெருக்கல் அதிகபட்சம் 81. ஓர் இடத்தில் விழும் பெருக்கல்களின் எண்ணிக்கை, சிறிய எண்ணில் எத்தனை இலக்கம் உண்டோ அத்தனைக்கு மேல் போகாது. கோலின் கணக்கில் சிறிய எண்ணுக்கு 9 இலக்கம், ஆக 729-ஐத் தாண்டாது. பெட்டி `int` என்றால் சிறிய எண்ணுக்கு ஏறக்குறைய 2 கோடியே 65 லட்சம் இலக்கம் வரும் வரை இந்த வழி பாதுகாப்பானது. அவ்வளவு பெரிய எண்ணை யாரும் இந்த முறையில் பெருக்கப் போவதில்லை.

ஆனால் நினைவகத்தை மிச்சம் பிடிக்க `char` பெட்டியிலேயே கூட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் `char` என்பது வழக்கமாக -128 முதல் 127 வரைதான். இப்போது மேலே உள்ள பட்டியலை மறுபடி பாருங்கள். 7, 22, 67, 116, 89, 124 எல்லாமே அடங்கிவிடுகின்றன. ஆறாம் இடத்தில் 173. அது பெட்டிக்குள் -83 ஆகிவிடும். கேரியைத் தனியாக `int`-இல் வைத்திருந்தாலும் -83 + 13 = -70, அந்த இடத்தில் 6-க்குப் பதிலாக 0 நிற்கும், அடுத்த இடத்துக்கு எதிர்க்குறியோடு கேரி போகும். கடைசி ஆறு இலக்கமும் சரியாக இருந்து ஏழாவதிலிருந்து விடை கெட்டுப்போயிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சிறிய எண்களில் இந்தப் பிழை பெரும்பாலும் தலைகாட்டாது.

இரண்டாவது வழி, ஒவ்வொரு பெருக்கலின்போதும் கேரியை உடனே தீர்த்துவிடுவது. நான் விரும்புவது இதைத்தான்.

```cpp
vector<int> r(m + n, 0);
for (int i = m - 1; i >= 0; i--) {
    int carry = 0;
    for (int j = n - 1; j >= 0; j--) {
        int t = (a[i]-'0') * (b[j]-'0') + r[i+j+1] + carry;
        r[i+j+1] = t % 10;
        carry = t / 10;
    }
    r[i] = carry;
}
```

இங்கே `i`, `j` இரண்டும் சரத்தின் இடது ஓரத்திலிருந்து எண்ணப்படுவதால் இடம் `i+j+1` என்று வருகிறது. விதி மாறவில்லை, எண்ணும் திசைதான் மாறியிருக்கிறது. உள் லூப் முடிந்ததும் மிஞ்சிய கேரியை `r[i]`-இல் போடுகிறோம். அந்தப் பெட்டியை அதுவரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், அதனால் கூட்டாமல் நேராக வைத்தாலே சரி.

`t`-யில் சேருவது மூன்று: பெருக்கல் அதிகபட்சம் 81, பெட்டியில் ஏற்கெனவே இருந்தது அதிகபட்சம் 9, கேரி அதிகபட்சம் 9. மொத்தம் 99. 99-இல் 9 நிற்க 9 கேரியாகப் போகும். ஆகவே கேரி 9-ஐத் தாண்டாது என்று நாம் வைத்துக்கொண்டது தானாகவே உண்மையாகிவிடுகிறது. எண்ணுக்கு எத்தனை லட்சம் இலக்கம் இருந்தாலும் `t` இரண்டு இலக்கத்தை மீறாது.

இது பத்துக்கு மட்டும் உரிய தற்செயல் அல்ல. அடிமானம் B என்றால் மூன்றின் கூட்டுத்தொகை அதிகபட்சம் `(B-1)*(B-1) + (B-1) + (B-1)`. விரித்துப் பார்த்தால் சரியாக `B*B - 1`. B அடிமானத்தில் இரண்டு இலக்கத்தில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் அதுதான். இம்மி இடமும் வீணாகாமல், இம்மியும் வழியாமல் பொருந்துகிறது. கணினியில் பெரிய எண்களைப் பெருக்கும் நூலகங்கள் B-க்கு 2-இன் 32-ஆம் அடுக்கை எடுத்துக்கொண்டு 64 பிட் பெட்டியில் கூட்ட முடிவது இந்தப் பொருத்தத்தால்தான்.

ஒரு பெட்டிக்கு ஒன்பது இலக்கம்

ஒரு `int`-க்குள் 0 முதல் 9 வரை மட்டும் வைப்பது பெரிய விரயம். பத்துக்குப் பதிலாக நூறு கோடியை, அதாவது 10-இன் 9-ஆம் அடுக்கை, அடிமானமாக வைத்துக்கொண்டால் ஒரு பெட்டியில் ஒன்பது இலக்கத் துண்டு அடங்கும். மேலே சொன்ன சூத்திரப்படி `t` 10-இன் 18-ஆம் அடுக்கைத் தொடாது. `long`-இன் எல்லை அதைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல், ஆக தாராளமாக அடங்கும்.

எந்த அடிமானம் என்று தீர்மானிப்பது நம் கையில் இருக்கும் பெட்டிதான். 32 பிட் `int` மட்டுமே உண்டு என்றால் 10000-தான் எல்லை, ஒரு லட்சம் எடுத்தால் பெருக்கல் ஆயிரம் கோடியை எட்டி வழிந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டின் `Number` என்றால் 53 பிட் எல்லைக்குள் நிற்க ஒரு கோடியை, அதாவது ஏழு இலக்கத் துண்டை, எடுக்கலாம். `long` இருந்தால் ஒன்பது இலக்கம்.

கோலின் முதல் எண் சரியாக ஒரே துண்டு: 193707721. இரண்டாவது எண் வலமிருந்து வெட்டினால் இரண்டு துண்டு: 761, 838257287. துண்டுகளை எப்போதும் வலது ஓரத்திலிருந்துதான் வெட்ட வேண்டும். இடதிலிருந்து வெட்டினால் இடமதிப்பே மாறிவிடும்.

```
193707721 × 838257287             = 162376908 676412927
193707721 × 761                   = 147411575681
147411575681 + 162376908 (கேரி)   = 147 573952589
```

முதல் வரியில் 676412927 நிற்க, 162376908 கேரியாகப் போகிறது. அடுத்ததில் 573952589 நிற்க, 147 போகிறது. சேர்த்துப் படித்தால் 147 573952589 676412927. இலக்கம் இலக்கமாகச் செய்திருந்தால் 9 × 12 = 108 பெருக்கல் ஆகியிருக்கும். இங்கே இரண்டே பெருக்கலில் முடிந்தது. மிகப் பெரிய எண்களில் இந்த மாற்றத்தால் பெருக்கல்கள் 81-இல் ஒரு பங்காகக் குறையும்.

இங்கே ஒரு பொறி. துண்டுகளை `int` அணியில் வைத்து `long t = x[i] * y[j]` என்று எழுதினால், பெருக்கல் முதலில் `int` ஆகவே நடந்து, கெட்டுப்போன பிறகுதான் `long`-க்குள் போகும். இடது பக்கத்தில் `long` என்று எழுதியதால் எந்தப் பயனும் இல்லை. `(long) x[i] * y[j]` என்று பெருக்குவதற்கு முன்பே மாற்ற வேண்டும். சி++ மொழியில் `long` சில கணினிகளில் 32 பிட்தான் என்பதால் அங்கே `long long` என்று எழுதுவது நல்லது.

அதற்காகப் பெருக்கலின் செலவு வளரும் விதம் மாறிவிடவில்லை. இலக்கங்கள் இரட்டித்தால் வேலை நான்கு மடங்காகும் என்பது அடிமானம் எதுவானாலும் அப்படியே நிற்கும். அதைக் குறைக்கவே முடியாது என்று கோல்மோகரோவ் 1960-இல் மாஸ்கோ பல்கலைக்கழகக் கருத்தரங்கில் தம் ஊகத்தை முன்வைத்தார். சில நாட்களிலேயே அங்கிருந்த மாணவர் கரட்சுபா, எண்களைப் பாதியாக வெட்டி நான்கு பெருக்கலுக்குப் பதிலாக மூன்றில் முடிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அந்த முறையில் இலக்கங்கள் இரட்டித்தால் வேலை மூன்று மடங்குதான் ஆகும். ஆனால் அதில் கூடுதலாகப் பல கூட்டல், கழித்தல்கள் உண்டு, அவை சிறிய எண்களில் லாபத்தைத் தின்றுவிடும். 200 இலக்கத்துக்கு ஒன்பது இலக்கத் துண்டுகளே போதும். அதற்குக் கரட்சுபா முறையை எழுதுவது வீண் உழைப்பு என்பது என் கருத்து.

காணாமல் போகும் சுழிகள்

ஒன்பது இலக்கத் துண்டு முறையில் மிக அதிகமாக நடக்கும் பிழை பெருக்கலில் இல்லை, விடையைச் சரமாக மாற்றும் கடைசி வரியில் இருக்கிறது. 1000000007-ஐ அதனோடே பெருக்குவோம். சரியான விடை 1000000014000000049. துண்டுகளாகப் பெட்டியில் இருப்பது 1, 14, 49. இவற்றை அப்படியே ஒட்டினால் 11449 என்று வரும். 14 என்பது 000000014 என்றும், 49 என்பது 000000049 என்றும் எழுதப்பட வேண்டும். முதல் துண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் `%09d` என்று அச்சிட்டால் சரியாகிவிடும்.

கவலை தரும் விஷயம் என்னவென்றால், இதே பிழை உள்ள நிரலில் கோலின் எண்களைக் கொடுத்தால் விடை சரியாகவே வரும். 573952589, 676412927 இரண்டுமே முழு ஒன்பது இலக்கத் துண்டுகள், முன்னால் சுழியே இல்லை. தற்செயலாக எடுக்கும் எண்களில் ஒரு துண்டு சுழியில் தொடங்க ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்புதான். இரண்டு மூன்று துண்டு உள்ள ஓர் எண்ணை மட்டும் சோதித்துவிட்டு நிரல் சரி என்று நம்பினால் ஏமாந்துவிடுவோம். அதனால் சோதனைக்கு நடுவில் நிறையச் சுழி வரும் எண்களையும், கேரி மிகப் பெரிதாக வரும் 999999999999 போன்ற எண்களையும் வேண்டுமென்றே கொடுக்க வேண்டும்.

விடையைச் சரிபார்க்கப் பெரிய எண் வகை இல்லையே என்றால் மீதியைப் பயன்படுத்தலாம். இரண்டு எண்களின் மீதிகளைப் பெருக்கி, மறுபடி மீதி எடுத்தால், அது விடையின் மீதியோடு ஒத்துப்போக வேண்டும். பழைய வழக்கப்படி 9-ஆல் வகுத்து மீதி பார்ப்பது, அதாவது இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பது, தாளில் போடுகிறவருக்கு நல்ல சோதனை. நம்முடைய வேலைக்கு அது உதவாது. 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே ஓர் இலக்கம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அந்தச் சோதனை பார்ப்பதே இல்லை. 1000000014000000049-இன் இலக்கக் கூட்டு 19. தவறான 11449-இன் இலக்கக் கூட்டும் 19. சுழிகள் தொலைந்தாலும், இடத்தைக் கணக்கிடுவதில் தவறி விடை முழுவதும் ஓர் இடம் நகர்ந்தாலும், 9-ஆல் மீதி பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். நிரலில் நேரும் பிழைகளோ பெரும்பாலும் இடம் மாறும் பிழைகள்தான்.

11-ஆல் மீதி எடுத்தால் நிலைமை மேல். 1000000007-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 6. 6 × 6 = 36, அதன் மீதி 3. சரியான விடையின் மீதியும் 3. ஆனால் 11449-இன் மீதி 9, பிழை அகப்பட்டுவிட்டது. இருந்தாலும் 100-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், இரண்டு இடம் நகர்ந்த பிழையை இதுவும் பிடிக்காது. கணினியில் செய்யும்போது சிறிய எண்ணோடு நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. 998244353 போன்ற ஒரு பெரிய பகா எண்ணை எடுத்துக்கொள்ளலாம். 10-இன் 8-ஆம் அடுக்கு வரை அதை விடச் சிறியவை, ஆகவே அவற்றின் மீதி அவையேதான், எதுவும் 1 ஆகாது. எட்டு இடம் வரை நகர்ந்த விடையும் சரியான விடையும், இரண்டு எண்களில் ஒன்று அந்தப் பகா எண்ணால் வகுபட்டால் ஒழிய, ஒரே மீதியைத் தராது.

மீதி எடுக்கும் வரியில் பெரிய எண் எதுவும் தேவைப்படாது:

```cpp
long long rem(const string& s, long long p) {
    long long r = 0;
    for (char c : s) r = (r * 10 + (c - '0')) % p;
    return r;
}
```

`r` எப்போதும் p-ஐ விடச் சிறியது, அதன் பத்து மடங்கு ஆயிரம் கோடிக்குள் அடங்கும். இரண்டு மீதிகளைப் பெருக்கும்போதும் 10-இன் 18-ஆம் அடுக்குக்குக் கீழேதான் நிற்கும். கோலின் கணக்குக்கு இதைவிடக் கறாரான சோதனையும் இருக்கிறது: கூட்டலை மட்டும் வைத்து 67 முறை இரட்டித்து, கடைசி இலக்கத்தில் ஒன்றைக் குறைத்து வந்த சரமும், இரண்டு காரணிகளைப் பெருக்கி வந்த சரமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கூட்டலும் பெருக்கலும் தனித்தனி நிரல்கள் என்பதால், இரண்டும் ஒரே மாதிரி பிழை செய்து ஒரே 21 இலக்கத்தில் வந்து நிற்க வழியில்லை.